பூசினாற்போல் இருந்தால் ஓடக் கூடாதா?

என் மகள் பிளஸ் டூ படிக்கிறாள். உடற்கல்விப் பாடத்தில் உடல்வாகு பற்றிப் படித்த அன்று, "அம்மா, நான் எண்டோமார்ஃபாம். குண்டு எறியத்தான் லாயக்காம், ஓட்டத்துக்குச் சரிப்பட மாட்டேனாம்" என்று முகம் வாடச் சொன்னாள். ராத்திரிச் சாப்பாட்டையும் குறைக்க ஆரம்பித்து விட்டாள். என்னதான் அப்படி எழுதியிருக்கிறது என்று உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

பூசினாற்போல் இருப்பது எண்டோமார்ஃப். கட்டுமஸ்தான உடம்பு மெசோமார்ஃப். ஒடிசலாக, நெடுநெடுவென்று இருப்பது எக்டோமார்ஃப். 1940-ல் ஷெல்டன் என்ற அமெரிக்கர் பிரித்துச் சொன்னது இது. உடல்வாகை வைத்துக் குணத்தையும் சொல்லிவிடலாம் என்றார் அவர். அதை இன்று விஞ்ஞானிகள் ஒப்புக்கொள்வதில்லை.

உண்மையில் யாருமே ஒரே வாகு இல்லை. 1967-ல் ஹீத், கார்ட்டர் என்ற இருவர் திருத்திக் கொடுத்த முறையில் ஒவ்வொருவருக்கும் மூன்று எண்கள் உண்டு. இடுக்கி மாதிரியான ஒரு கருவியால் தோல் மடிப்பைப் பிடித்து அளக்கிறார்கள். எலும்பின் அகலம், கை, கெண்டைக்கால் சுற்றளவு, உயரம், எடை எல்லாம் பார்க்கிறார்கள். ஒரு பெண்ணுக்கு 4-4-2 என்று வந்தால் பூசினாற்போன்ற தன்மையும் கட்டும் அவளிடம் சரிசமம் என்று அர்த்தம். சாப்பாடும் பயிற்சியும் மாறினால் இந்த எண்களும் மாறும். என் மகளை யாரும் அளக்கவில்லை. கண்ணால் பார்த்தே சொல்லிவிட்டார்கள்!

தராசும் முழுசாகச் சொல்லாது. 50 கிலோ எடையுள்ள இரண்டு பெண்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருத்தி உடம்பில் கொழுப்பு 15 கிலோ, மற்றவளுக்கு 10 கிலோ. மீதி தசை, எலும்பு, நீர் முதலியவை. தராசில் இருவரும் ஒன்றுதான். ஓடும்போது வித்தியாசம் தெரியும். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தால் கொழுப்போடு தசையும் கரையும். அப்புறம் எந்தப் பலத்தில் ஓடுவது?

2008-ல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஆண்கள் 100 மீட்டரில் ஜெயித்த உசேன் போல்ட் ஆறடி ஐந்து அங்குலம். பெண்கள் 100 மீட்டரில் ஜெயித்த ஷெல்லி ஆன் ஃப்ரேசர் ஐந்தடிதான். இருவரும் ஜமைக்காக்காரர்கள். உயரத்தை மட்டும் பார்த்து ஆள் பிடித்திருந்தால் இருவரில் ஒருவரைத் தள்ளியிருப்பார்கள், இல்லையா?

பரீட்சைக்கு மூன்று வாகையும் படிக்கட்டும். ஓட முடியுமா என்பதை ஸ்டாப்வாட்ச் சொல்லட்டும்.

தாய்மார்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விளையாடும் பெண் உழைப்புக்கேற்பச் சாப்பிடாவிட்டால் மாதவிலக்கு தள்ளிப்போகும், நின்றே போகலாம். எலும்பும் பலம் குறையும். "விளையாடுகிற பெண்ணுக்கு அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதம் வராமலிருந்தால் டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.