கூகுளில் கிடைத்த படம்



பரங்கிப்பேட்டைப் பழைய மாணவர்களுக்காக நாம் தொடங்கிய இணையதளத்தின் முகப்பில் பிச்சாவரம் படம் ஒன்று இருந்தது நினைவிருக்கும். "கூகுள்ல எடுத்தேன் சார்" என்றான், அதைப் போட்ட மாணவன். போன மாதம் அந்தப் படத்தை எடுத்தவர் பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினார். கேட்டது நியாயம்தான். கூகுள் படத்தைக் காட்டுகிறது, அவ்வளவே. நம் நாட்டுச் சட்டப்படி ஒரு புகைப்படத்துக்கு, அதை எடுத்தவரின் வாழ்நாள் முழுதும், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. மன்னிப்புக் கேட்டு, பணத்தைக் கொடுத்து, படத்தை நீக்கினோம்.

பிறகு விக்கிமீடியா காமன்ஸில் தேடினோம். அங்கே ஒவ்வொரு படத்தின் பக்கத்திலும் உரிமம் எழுதியிருக்கும். நாங்கள் எடுத்த படத்தில் CC BY-SA 4.0 என்றிருந்தது. காசு வேண்டாம், ஆனால் நிபந்தனை உண்டு. எடுத்தவர் பெயர், படத்தின் சுட்டி, உரிமத்தின் சுட்டி மூன்றையும் தர வேண்டும். நாங்கள் ஓரத்தை வெட்டியிருந்ததால், படத்தின் கீழே அதையும் சொன்னோம்.

எழுத்துருவிலும் இதே தவறுதான். விண்டோஸோடு வரும் லதாவை என் கணினியிலிருந்து எடுத்துத் தளத்தில் ஏற்றியிருந்தோம். கணினியில் அதைப் பயன்படுத்தலாம். கோப்பை நகலெடுத்துத் தளத்தில் வைக்க அந்த உரிமம் இடம் தராது. இப்போது மீரா இனிமை இருக்கிறது. அது திறந்த எழுத்துரு உரிமத்தில் வருவது. கூடவே வந்த OFL.txt கோப்பையும் பக்கத்திலேயே வைத்துவிட்டோம்.

வெள்ளாற்றங்கரையில் நீங்களே எடுத்த படம் இருந்தால் அனுப்புங்கள். "தளத்தில் போடலாம்" என்று ஒரு வரியும் எழுதிவிடுங்கள்.