கோட்டுக்கு உள்ளே ஓர் அறை

நேபாளத்தின் கிழக்கு மலைகளில், போஜ்பூர் மாவட்டத்தில் இருக்கிறது திங்லா. தும்லிங்தார் விமான நிலையத்தில் இறங்கி, அருண் ஆற்றைக் கடந்து மலையேறினால் அந்தக் கடைத்தெரு வரும். நம் ஊர்க் கோயில் வாசல்களில் ‘நேபாள மணி’ என்று தனியாக எடுத்துக் காட்டப்படும் பெரிய ருத்திராட்சங்கள் காய்ப்பது இப்படிப்பட்ட மலைச்சரிவுகளில்தான். நான் போனது கார்த்திகையில். பழம் பறிப்பு மும்முரமாக இருந்தது.

ருத்திராட்சப் பழம் நல்ல நீல நிறம். நெல்லிக்காயைவிடச் சற்றுப் பெரியது. மேலே தோலும் மெல்லிய சதையும். நடுவில் இருக்கும் கொட்டைதான் நாம் கழுத்தில் அணியும் மணி. பறித்த பழங்களைத் தண்ணீரில் ஊறப் போடுகிறார்கள். அவசரமென்றால் வேகவைக்கிறார்கள். சதை குழைந்ததும் கையால் பிசைந்து உரித்து, கம்பித் தூரிகையால் தேய்க்கிறார்கள். நான் பார்த்த முற்றத்தில் இந்த வேலையைச் செய்தவர்கள் பெண்கள். மணியின் பள்ளங்களில் ஒட்டியிருக்கும் நார் போகும்வரை ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். “கோட்டுக்குள் சதை இருந்தால் முகம் எண்ண முடியாது. அதனால்தான் இவ்வளவு தேய்ப்பு” என்றார் அங்கே மூத்தவரான ஒரு தீதி. தீதி என்றால் அக்கா.

உலர்ந்த மணிகள் தரம் பிரிப்பவரிடம் போகின்றன. அந்த வீட்டில் அந்த வேலையைச் செய்தவர் அறுபது வயதைத் தாண்டியவர். எல்லோரும் அவரைத் தாஜு, அதாவது அண்ணன், என்றே அழைத்தார்கள்; நானும் அப்படியே அழைத்தேன். இந்தியில் பேசிக்கொண்டோம். அசல் மணியை எப்படிக் கண்டுபிடிப்பது என்று நான் கேட்டதும் அவர் கேள்வியையே இரண்டாகப் பிரித்தார்.

“தம்பி, நீங்கள் இரண்டு விஷயத்தைச் சேர்த்துக் கேட்கிறீர்கள். இது ருத்திராட்சமா என்பது ஒன்று. இதில் எத்தனை முகம் என்பது வேறொன்று. முதல் கேள்வியில் ஏமாறுகிறவர்கள் நூறு ரூபாயில் ஏமாறுகிறார்கள். இரண்டாவதில் ஏமாறுகிறவர்கள் லட்சத்தில் ஏமாறுகிறார்கள்.”

அதற்குக் காரணம் மரத்திலேயே இருக்கிறது. ஒரு மரத்தில் காய்ப்பவற்றில் மிகப் பெரும்பாலானவை ஐந்து முகம். நான்கும் ஆறும் ஓரளவு கிடைக்கும். அதற்கு மேலே போகப் போக அரிது. கீழே இறங்கினாலும் அப்படியே. உருண்டையான ஒருமுக மணி அநேகமாகக் காணக் கிடைக்காதது. அரிதானதற்கு விலை. ஆகவே பிளாஸ்டிக்கில் வார்த்தோ மரத்தில் செதுக்கியோ ஐந்துமுக மணி செய்வதில் பெரிய லாபமில்லை. அசல் ஐந்துமுக மணியே மலிவாகக் கிடைக்கிறது. லாபம் இருப்பது அசல் மணியின் முக எண்ணிக்கையை மாற்றுவதில். மணி உண்மை, எண்ணிக்கை பொய். இன்றைய பெரிய மோசடி இதுதான்.

முகம் என்றால் என்ன என்பதைத் தாஜு அறுத்தே காட்டினார். வெடிப்பு விழுந்து கழித்துப் போட்ட ஐந்துமுக மணி ஒன்றை எடுத்து, மெல்லிய ரம்பத்தால் குறுக்கே அறுத்தார். நடுவில் துளை. அதைச் சுற்றி ஐந்து சிறு அறைகள். வெளியே தெரிந்த ஐந்து கோடுகளுக்கும் உள்ளே ஐந்து அறைகள், கணக்குச் சரி. ஆனால் விதை இருந்தது மூன்று அறைகளில்தான். மற்ற இரண்டிலும் விதை வளராமல் நின்று, அறை சுருங்கிப் போயிருந்தது. “இதை மூன்று முகம் என்று சொல்லக் கூடாது. விதையை எண்ணக் கூடாது, அறையை எண்ண வேண்டும்” என்றார். பூவின் சூல்பை எத்தனை அறைகளாக அமைந்ததோ அத்தனை முகம். அது பூவிலேயே முடிவாகிவிடுகிறது. வெளியே தெரியும் கோடு அந்த அறைக்கு அடையாளம் மட்டுமே. மோசடிக்காரர் தொடுவது அடையாளத்தை. உள்ளே இருக்கும் அறையைச் செதுக்கி உண்டாக்க எந்த உளியாலும் முடியாது.

எண்ணும் முறையும் இதையொட்டியே இருக்கிறது. முதலில் மணியை நிமிர்த்திப் பிடித்து, துளை இருக்கும் முனையைப் பார்க்கிறார். கோடுகள் எல்லாம் அங்கே வந்து கூட வேண்டும். ஒரு கோட்டில் சுண்ணாம்பால் புள்ளி வைத்துவிட்டு, மணியைச் சுழற்றிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் ஒவ்வொரு பள்ளமாகத் தடவி எண்ணுகிறார். அடையாளம் வைக்காமல் எண்ணினால் பத்துக்கு மேற்பட்ட முகங்களில் ஒன்று கூடவோ குறையவோ செய்யும். பிறகு மறுமுனையைத் திருப்பி மறுபடி எண்ணுகிறார். இரண்டு முனைகளிலும் ஒரே எண் வர வேண்டும். பாதி வழியில் மங்கி மறையும் கோட்டை அவர் கணக்கில் சேர்ப்பதில்லை. முனைக்கு முனை ஓடுவதே கோடு.

ஜாவாவிலிருந்து வரும் இந்தோனேசிய மணிகளில் இந்த வேலை இன்னும் கடினம். அவையும் அசல் ருத்திராட்சமே. ஆனால் உருவில் சிறியவை. பலவற்றின் குறுக்களவு ஒரு சென்டிமீட்டரைக்கூடத் தொடாது. கோடு ஆழமில்லாமல் மெல்லிய கீறல்போல் ஓடும். அவற்றை வெறும் கண்ணால் எண்ணவே கூடாது, பூதக்கண்ணாடி வேண்டும் என்பது தாஜுவின் கட்சி.

அவரிடம் ஒரு பெட்டி இருந்தது. விற்பனைக்கு அல்ல, வேலை பழகும் பையன்களுக்குக் காட்டுவதற்காகச் சேர்த்து வைத்தவை. அதிலிருந்து ஒரு மணியை எடுத்து, நகை வேலைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடியோடு என் கையில் கொடுத்தார். ஒன்பது முகம் என்று சொல்லி விற்கப்பட்ட மணி. நான் எண்ணினேன். இரண்டு முனைகளிலும் ஒன்பதுதான் வந்தது.

“இனி முகத்தின் அகலத்தைப் பாருங்கள்” என்றார். இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஓரிடத்தில் அகலமாகவும், அடுத்தடுத்த இரண்டு இடங்களில் அதில் சரிபாதியாகவும் இருந்தது. மறுபக்கத்திலும் அப்படி ஒரு குறுகிய ஜோடி. இயற்கையான மணியிலும் முகங்கள் அச்சடித்தாற்போல் சமமாக இருக்காது. ஆனால் ஒன்பது அறைகள் உள்ள மணியில் எல்லா முகமும் ஒட்டுமொத்தமாகக் குறுகியிருக்கும். இங்கே ஐந்து முகங்கள் அகலமாக இருக்க, இரண்டு முகங்களை மட்டும் நடுவில் பிளந்து நான்காக்கியிருக்கிறார்கள். ஏழு ஒன்பதானது அப்படித்தான்.

சந்தேகம் வந்த இரண்டு கோடுகளையும் கண்ணாடி வழியே பார்த்தேன். இயற்கையான கோட்டின் அடியில் மயிரிழை போல ஒரு பொருத்துவாய் முனைக்கு முனை ஓடுகிறது. அதன் இரு கரையிலும் முள்மேடுகள் வழிவிட்டு விலகி வளர்ந்திருக்கின்றன. ஏனென்றால் கோடும் முள்ளும் ஒன்றாக வளர்ந்தவை. செதுக்கிய கோட்டில் அந்த மயிரிழை இல்லை. பள்ளம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஆழம். ஒரு முள்மேட்டை அது நடுவில் அறுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த முள்ளின் ஒரு பாதி இந்தக் கரையிலும் மறுபாதி எதிர்க்கரையிலும் நின்றன. துளையின் விளிம்பில் கருவி சரியாக நுழையாததால் கோடு அங்கே ஒருபுறம் தேங்கி, தேவைக்கு மேல் ஆழமாகியிருந்தது. தாஜு பல் துலக்கும் தூரிகையைச் சோப்பு நீரில் தோய்த்து அந்தப் பள்ளத்தை நன்றாகத் தேய்த்தார். பூசியிருந்த சாயம் கரைந்து, அடியில் வெளுத்த மரநிறம் தெரிந்தது. பக்கத்து இயற்கைக் கோடு நிறம் மாறவில்லை.

இதற்கு நேர் எதிரான வேலையும் உண்டு. கோடுகளை அடைத்து எண்ணிக்கையைக் குறைப்பது. ருத்திராட்சத் தூளைப் பசையில் குழைத்துப் பள்ளங்களை நிரப்பி, ஒரே ஒரு கோட்டை மட்டும் விட்டால் ‘ஒருமுகம்’ ஆகிவிடும். இரண்டு மணிகளை ஒட்டிக் கௌரிசங்கர் செய்வதும் இந்த வகையே. கொட்டைப் பாக்கைச் செதுக்கி ஒருமுகமாக்குவதும் உண்டு. பசை வேலையைக் கண்டுபிடிக்கக் கொதிநீர் போதும்; நேரம் எடுத்து வேகவைத்தால் பசை இளகி, நிரப்பியது உதிரும். ஆனால் அதே கொதிநீர் செதுக்கிய கோட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாது. செதுக்கியது மணியின் சொந்த உடம்பில். அது எவ்வளவு கொதித்தாலும் அப்படியே இருக்கும்.

நம் ஊரில் பிரபலமான மற்ற சோதனைகளைச் சொன்னேன். தண்ணீரில் போட்டால் அசல் மூழ்கும், போலி மிதக்கும் என்பது முதலாவது. தாஜு ஒரு கிண்ணத் தண்ணீரில் இரண்டு மணிகளைப் போட்டார். இரண்டும் அவர் வீட்டு மரத்தில் காய்த்தவை. அந்தப் பருவத்து மணி மூழ்கியது. பல வருடம் அலமாரியில் காய்ந்தது மிதந்தது. ஈரம் போய், விதையில்லாத அறைகளில் காற்று நிற்கும் மணி மிதப்பது இயல்பே. உள்ளே ஈயம் வைத்த போலியும் மூழ்கத்தான் செய்யும். இரண்டு செப்புக் காசுகளுக்கு நடுவே வைத்தால் சுழலும் என்பது இரண்டாவது சோதனை. முள்முள்ளாக, ஒழுங்கற்ற மேற்பரப்புள்ள எந்தப் பொருளையும் இரண்டு காசுகளுக்கு இடையே வைத்து விரலால் அழுத்தினால், அழுத்தம் ஒருபக்கம் கூடி அது திரும்பும். மணியின் பிறப்பை அது சொல்லாது. முக எண்ணிக்கையைப் பற்றி இந்த இரண்டு சோதனைகளும் வாயே திறப்பதில்லை.

விலை உயர்ந்த மணிக்குக் கடைசித் தீர்ப்பு எக்ஸ்ரே. திரும்பும் வழியில் காட்மாண்டுவில், பசுபதிநாதர் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு வியாபாரி தம் கோப்பிலிருந்து படங்களை எடுத்துக் காட்டினார். பக்கவாட்டில் எடுத்த படத்தில் அறைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழப்பமாக இருந்தது. துளை நேராகத் தெரியும்படி மேலிருந்து எடுத்த படத்திலோ, நடுத்துளையைச் சுற்றி அறைகள் தனித்தனியே தெரிந்தன. சுருங்கிப்போன அறையும் மெல்லிய பிளவாகத் தெரிந்தது. செதுக்கிய கோட்டுக்குக் கீழே வெறும் கெட்டி ஓடுதான், அறை இல்லை. முகம் கூடக் கூட அறைகள் நெருங்கி ஒன்றையொன்று மறைக்கின்றன. அப்போது தட்டையான எக்ஸ்ரே போதாமல் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டியிருக்கிறது என்றார் அவர்.

ஐந்துமுக மணியில் ஜபமாலை வாங்குகிறவர் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. மாலையின் மணிகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்ததுபோல் இல்லாமல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முள் விட்டிருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஏழுக்கு மேலும் மூன்றுக்குக் கீழும் வாங்குகிறவர், சான்றிதழில் அச்சிட்ட எண்ணை நம்பிப் பணம் கொடுக்கக் கூடாது. அந்த மணிக்கே எடுத்தது என்று அளவும் புகைப்படமும் பொருந்துகிற எக்ஸ்ரே கேட்க வேண்டும். அது மேலிருந்து எடுத்த படமாக இருக்க வேண்டும். அறைகளைத் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும். வேறிடத்தில் சோதித்துக் கணக்கு மாறினால் பணம் திரும்பும் என்று ரசீதில் எழுதித் தரச் சொல்ல வேண்டும். அந்த ஒரு வரியை எழுதத் தயங்குகிற கடையில், கோடு எத்தனை இருந்தாலும் மணியைத் திரும்ப வைத்துவிட்டு வருவதே சரி.