மேஸ்திரி மேல் போட்ட பழி

வேளாங்கண்ணியில் நான் கட்டிக்கொடுத்த ஒரு விடுதியின் மொட்டை மாடியில் தண்ணீர் நின்றதற்கு மேஸ்திரிதான் காரணம் என்று முதலாளியிடம் சொன்னேன். அது பொய். காரணம் நான்தான்.

மாடி 60 அடி நீளம், 30 அடி அகலம். ஏறக்குறைய 167 சதுர மீட்டர். முகப்பில் குழாய் தெரியக் கூடாது என்றார் முதலாளி. நானும் மறுபேச்சில்லாமல் வாட்டம் முழுவதையும் பின்பக்கம் திருப்பி, பின்சுவரில் இரண்டே இரண்டு 75 மி.மீ. குழாய் வரைந்தேன். படத்தைப் பார்த்த மேஸ்திரி, "சார், ஐப்பசி மழைக்கு இது பத்தாது. நாலு இஞ்சுல நாலு போடலாம், முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு" என்றார். படத்தில் உள்ளபடி செய்யுங்கள் என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

அன்றைக்குக் கணக்குப் போட்டிருந்தால் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. மணிக்கு 100 மி.மீ. வேகத்தில் மழை அடித்தால் அந்த மாடியில் ஒரு மணி நேரத்தில் சுமார் 16,700 லிட்டர் விழும். தேசியக் கட்டட விதித் தொகுப்பின் அட்டவணைப்படி, அந்த வேகத்துக்கு ஒரு 75 மி.மீ. குழாய் சுமார் 20 சதுர மீட்டர் கூரைக்குத்தான் தாங்கும். 100 மி.மீ. குழாய் என்றால் 42 சதுர மீட்டருக்கு மேல். என் இரண்டு குழாயும் சேர்ந்து மாடியில் கால் பங்குக்குத்தான் போதும். மேஸ்திரி கேட்ட நான்கு குழாய் 167-க்குச் சரியாக இருந்திருக்கும். கணக்குப் பார்க்காமலே அவருக்கு அது தெரிந்திருந்தது.

வாட்டத்திலும் தவறினேன். நூற்றுக்கு ஒன்று என்று வைத்தால், 30 அடிக்கு முன்பக்கம் 9 செ.மீ. உயர வேண்டும். தளம் கனக்கும், செலவு கூடும் என்று 3 செ.மீ.தான் கொடுக்கச் சொன்னேன். தட்டோடு பதிக்கும்போது கை அரை சென்டிமீட்டர் தவறினாலும் அந்த வாட்டத்தில் பள்ளம் விழுந்துவிடும். நடுவில் இரண்டு இடத்தில் விழுந்தது. மழை விட்டு மூன்றாம் நாளும் அங்கே தண்ணீர் கிடக்கும். காய்ந்த பிறகும் வட்டமாகக் கரும்பாசி இருக்கும்.

சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டிய அந்த 2022 நவம்பரில் எங்கள் பக்கமும் விடாத மழை. காலையில் முதலாளி போன் செய்தார். படிக்கட்டு அறைக் கதவு வழியாகத் தண்ணீர் மூன்றாம் மாடிக்கு இறங்குகிறது என்றார். நான் போனபோது பின்பக்கக் கைப்பிடிச் சுவரோரம் 12 செ.மீ. தண்ணீர். கையை விட்டுத் துழாவினேன். ஒரு குழாய் வாயில் தென்னஞ்சருகும் பாலித்தீனும். மற்றொன்றில் நடைப்பயணம் வந்த யாரோ காயப்போட்ட காவித் துண்டு, திரி போல முறுக்கி உள்ளே போயிருந்தது. இழுத்ததும் குழாய் ஒரு பெருமூச்சு விட்டுத் தண்ணீரை உறிஞ்சியது.

இரண்டும் அடைத்தால் தண்ணீர் வெளியேற வேறு வழியே வைக்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. ஆட்கள் நடமாடும் மாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்று கணக்கு வைப்பது வழக்கம். 15 செ.மீ. தண்ணீரே அந்த எடைக்கு வந்துவிடும். கைப்பிடிச் சுவரோ மூன்றடி. கதவு வழியாக இறங்கியதால் அத்தோடு நின்றது.

"வாட்டம் சரியா பார்க்கலையா?" என்று முதலாளி கேட்டார். "மேஸ்திரி கவனிக்கலை" என்றேன். என் வாயிலிருந்து அவ்வளவு சுலபமாக வந்தது. மேஸ்திரிக்குத் தர வேண்டிய கடைசித் தவணையை முதலாளி பிடித்துவைத்துவிட்டார். நான் பேசாமல் இருந்தேன்.

அடுத்த கோடையில் கீழ் அறையின் கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்தது. உள்ளே கம்பி துருவேறிப் பருத்திருந்தது. கடற்காற்று உப்பும் தேங்கிய தண்ணீரும் சேர்ந்தால் இப்படித்தான். அன்றைக்குப் படத்தை எடுத்துப்போய் முதலாளி முன் விரித்து, வரைந்தது நான்தான், மேஸ்திரி தடுத்தும் கேட்கவில்லை என்று சொன்னேன். வெகுநேரம் அவர் எதுவும் பேசவில்லை.

திருத்த வேலைக்கு அதே மேஸ்திரியைக் கூப்பிட்டேன். தட்டோட்டைப் பெயர்த்து, மாடியின் நடுவில் நீளவாக்கில் மேடு வைத்து இருபுறமும் வாட்டம் இறக்கினோம். 15 அடிக்கு நாலரை செ.மீ. போதுமானது, ஒருபுறமாக இறக்கியிருந்தால் அதைப்போல் இரண்டு மடங்கு வேண்டும். நான்கு நாலு இஞ்சுக் குழாய். ஒவ்வொரு வாயையும் சுற்றி ஓர் அடிக்குத் தளத்தைத் தாழ்த்தி, தட்டையான சல்லடைக்குப் பதில் குமிழ் மூடி போட்டோம். ஒவ்வொரு குழாய்க்கும் பக்கத்தில் கைப்பிடிச் சுவரில் ஒரு தூம்பு. அதன் அடி தளத்துக்கு 5 செ.மீ. மேலே, முனை சுவரை விட்டு வெளியே நீட்டி. குழாய் அடைத்தால் அங்கிருந்து தண்ணீர் கொட்டும், கீழே நிற்பவர் கண்ணில் படும். தட்டோடு பதிக்குமுன் டியூப் லெவல் பிடித்துப் பார்த்து, மேட்டில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினோம். ஓரிடத்தில் நின்றது. மேஸ்திரி சாக்கட்டியால் அதைச் சுற்றி வட்டம் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார். "பெயர்த்துடுங்க அண்ணே" என்றேன். முதல் முறையாக அவரை அண்ணே என்று கூப்பிட்டிருந்தேன்.

பழைய தவணையை அன்று மாலை என் கையால் கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.