பையின் மூடியில் ஒட்டிய பட்டியல்

ரமலானுக்கு இரண்டு மாதம் இருக்கும்போதே அத்தர் மொத்த வியாபாரத்தில் பருவம் தொடங்கிவிடுகிறது. பெருநாளுக்கு வேண்டிய சரக்கைச் சில்லறைக் கடைக்காரர்கள் ரஜப் மாதத்திலேயே பார்த்து, முகர்ந்து, சொல்லிவைத்துவிடுகிறார்கள். மேலப்பாளையத்தில் சிறிய அளவில் இந்த வியாபாரத்தை நடத்தும் எங்களுக்காக, எங்கள் மச்சான் ஒருவர் பையைத் தூக்கிக்கொண்டு தென்காசி, கடையநல்லூர், புளியங்குடி என்று கடை கடையாக ஏறி இறங்குகிறார். அவருடைய பையின் மூடிக்கு உட்புறம் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருக்கிறது. பையில் என்னென்ன இருக்க வேண்டும், எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதே அதிலுள்ள விஷயம். வெளியூருக்குச் சரக்கு விற்கச் செல்லும் பிள்ளைகள் நம் வீடுகள் பலவற்றில் இருப்பதால், அந்தப் பட்டியலைப் பற்றி எழுதலாம் என்று தோன்றியது.

பட்டியலின் முதல் வரி மாதிரிப் புட்டிகளைப் பற்றியது. இருபத்து நான்கு புட்டிகள், பஞ்சுத் தட்டில் குழி குழியாக வெட்டிய இடங்களில் நிற்கின்றன. மஜ்மூஆ, ரோஜா, சந்தனம், ஊது, கஸ்தூரி வாசனை என்று வரிசை உண்டு. ஒவ்வொன்றும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்ப்பது எளிய வேலை. அரை நிமிடத்தில் முடிந்துவிடும். எங்கள் பட்டியல் கேட்பது அதுவன்று. “புட்டியில் இருப்பதும் குடோனில் இருப்பதும் ஒன்றுதானா?” என்றே அது கேட்கிறது.

இந்தக் கேள்விக்குக் காரணம் உண்டு. அத்தர் மாறாத பொருளன்று. மாதிரிப் புட்டி ஒரு நாளில் இருபது முறை திறக்கப்படுகிறது. பாதி காலியான பின் மீதி இடத்தைக் காற்று நிரப்புகிறது. வண்டிப் பெட்டிக்குள் நண்பகல் வெயிலில் அது மணிக்கணக்கில் வேகிறது. எலுமிச்சை, ஆரஞ்சுத்தோல் போன்ற மெல்லிய வாசனைகள் முதலில் பறந்துவிடுகின்றன. அடியிலுள்ள கனத்த வாசனை மட்டும் எஞ்சுகிறது. இரண்டு மாதம் பையிலிருந்த புட்டியை முகர்ந்து ஆர்டர் கொடுத்தவர், குடோனிலிருந்து புதுச்சரக்கு வந்ததும், “நான் பார்த்தது இது இல்லையே” என்கிறார். அவர் சொல்வது உண்மை. அனுப்பியவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் காட்டியது ஒன்று, கொடுத்தது வேறு என்றாகிவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. இயற்கையான பூவிலிருந்து வடிக்கும் அத்தர் பருவத்துக்குப் பருவம் சற்று மாறும். வடித்து அனுப்புபவர் சந்தன எண்ணெயைக் குறைத்து வேறு எண்ணெயை அடியாக ஊற்றினாலும் மாறும். அப்போது மாதிரி நன்றாக இருக்கும், சரக்கு தாழ்ந்திருக்கும். இது முதலாவதைவிட மோசம்.

ஆகவே மாதிரிப் புட்டி ஒவ்வொன்றின் மேலும் இரண்டு விவரங்கள் எழுதப்படுகின்றன: எந்த லாட்டிலிருந்து எடுத்தது, எந்தத் தேதியில் நிரப்பியது. மாதம் ஒருமுறை பழையதைக் கொட்டிவிட்டுப் புதுப் புட்டியில் நிரப்புகிறோம். பழையதன் மேலேயே ஊற்றி நிரப்புவதில்லை; அப்படிச் செய்தால் புட்டிக்குள் இருப்பது எந்த லாட்டுமல்லாத ஒரு கலவையாகிவிடும். புதிய லாட் வந்த அன்று, இரண்டு காகிதப் பட்டைகளை எடுத்து, ஒன்றில் மாதிரியிலிருந்து ஒரு சொட்டும் மற்றொன்றில் புதுச்சரக்கிலிருந்து ஒரு சொட்டும் இட்டு, பட்டைகளின் நுனியில் பென்சிலால் அடையாளமிடுகிறோம். உடனே முகர்கிறோம்; அரைமணி கழித்து முகர்கிறோம்; மறுநாள் காலையும் முகர்கிறோம். முதல் முகர்தலில் வேறுபாடு தெரியாமல் போகலாம். அடி எண்ணெயில் மாற்றம் இருந்தால் மறுநாள் காலையில் அது தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்: ஒரு பட்டை மணத்துக்கொண்டிருக்கும், மற்றது வெறுங்காகிதமாகக் கிடக்கும்.

மாதிரியைக் காட்டி மொத்தத்தை விற்பது பற்றி நம் ஃபிக்ஹு நூல்கள் பேசியிருக்கின்றன. ஒன்றைப் போலவே மற்றதும் இருக்கும் சரக்கில், சிறிதளவைப் பார்த்தால் மொத்தத்தையும் பார்த்ததாகவே கொள்ளலாம். எஞ்சியது மாதிரியைவிடத் தாழ்ந்திருந்தால் வாங்கியவருக்கு மறுக்கும் உரிமை உண்டு என்பது ஹனஃபி மத்ஹபின் நிலை. ஷாஃபிஈ மத்ஹபில், காட்டிய மாதிரியும் விற்பனையில் சேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை சொல்லப்படுகிறது. நுணுக்கங்களை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளலாம். தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட செய்தியை நாமெல்லோரும் அறிவோம். மழையால் நனைந்தது என்பதே அந்த வியாபாரியின் பதில். அவர் வேண்டுமென்று நனைக்கவில்லை. நனைந்ததை அடியில் விட்டிருந்தார். பையிலுள்ள பழைய புட்டியும் அந்த வகையைச் சேர்ந்ததுதான் என்பது எங்கள் எண்ணம்.

இரண்டாவது வரி விலைப்பட்டியல். பத்துப் பிரதிகள், எல்லாம் ஒரே தேதியுடையவை. தேதி என்றால் அச்சிட்ட தேதி மட்டுமன்று. எந்த நாள் வரை அந்த விலை செல்லும் என்பதும் முதல் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வரி சேர்த்தா, நீங்கலாகவா என்பதை ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் அச்சிட்டிருக்கிறோம். ஏனெனில் கடைக்காரர் முழுப் புத்தகத்தையும் படிப்பதில்லை, தமக்கு வேண்டிய பக்கத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்கிறார். அந்தப் படம் ஆண்டுக்கணக்கில் அவரிடம் இருக்கும். புதிய பட்டியல் வந்ததும் பழைய பிரதிகளை எண்ணித் திரும்ப வாங்கிக்கொள்வதும் பட்டியலில் ஒரு வரி. ஒரே பையில் இரண்டு விலைப்பட்டியல்கள் இருந்தால் என்றாவது ஒருநாள் தவறான பிரதி கைக்கு வரும்.

மூன்றாவது வரி ஆர்டர் புத்தகம். ஐம்பது எண்ணிட்ட தாள்கள், ஒவ்வொன்றுக்கும் மூன்று படிகள். வெள்ளை கடைக்காரருக்கு, இளஞ்சிவப்பு குடோனுக்கு, மஞ்சள் புத்தகத்திலேயே தங்கும். எண் இல்லாத துண்டுச் சீட்டில் ஆர்டர் எழுதுவதை நாங்கள் ஏற்பதில்லை. ஒரு தாள் பிழையாகிவிட்டால் கிழிக்காமல், மூன்று படிகளையும் குறுக்கே கோடிட்டு உள்ளேயே விட வேண்டும். எண்கள் தொடர்ச்சியாக இருந்தால்தான் எதுவும் தொலையவில்லை என்பது தெரியும். வாட்ஸப்பில் வரும் ஆர்டரையும் அன்றிரவே இதே புத்தகத்தில் ஏற்றிவிடுகிறோம். தவணைக் கடனை எழுதிவைக்கச் சொல்லும் வசனம் குர்ஆனிலேயே மிக நீளமான வசனமாக அமைந்திருப்பதை மச்சான் அடிக்கடி நினைவூட்டுவார். சிறியதோ பெரியதோ எழுதச் சலிக்காதீர்கள் என்பதும் அதனுள் வருகிறது.

இந்த மூன்று வரிகளும் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பது கடையநல்லூரில் ஒரு கடையில் நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஆறு மில்லி ரோஜா பத்து டஜன் வேண்டுமென்றார் கடைக்காரர். அந்த வாரம்தான் புதிய லாட் வந்திருந்தது. இரண்டு பட்டைச் சோதனையில் அது பழையதைவிடச் சற்று மெலிந்திருப்பது தெரிந்திருந்தது. அதனால் மச்சானின் பையில் ரோஜாவுக்கு மட்டும் இரண்டு புட்டிகள் இருந்தன. இரண்டையும் காட்டினார்.

“பழையதே அனுப்புங்க தம்பி” என்றார் கடைக்காரர்.

அன்று காலை குடோனிலிருந்து எடுத்துவந்த இருப்புச் சீட்டும் பையில் இருந்தது. அது பட்டியலின் நான்காவது வரி. பழைய லாட்டில் 53 புட்டிகள் மட்டுமே என்று சீட்டு சொன்னது. ஒரு டஜனுக்கு ஒரு புட்டி இலவசம் என்பது எங்கள் திட்டம். நான்கு டஜன் 48, இலவசம் 4, ஆக 52. “நாலு டஜன் பழையது தர முடியும் பாய். மீதி ஆறு டஜன் புதுசுதான். வேணாம்னா நாலோட நிறுத்திக்கலாம்” என்றார் மச்சான். கடைக்காரர் புதியதை மீண்டும் முகர்ந்தார். மணிக்கட்டில் தடவிக்கொண்டு வெளியே போய் நின்றார். திரும்பி வந்து, சரி, ஆறும் போடுங்கள் என்றார். கையிருப்பில் இல்லாத பழைய லாட்டுக்கு ஆர்டர் எழுதி, பிறகு சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது இந்தத் தொழிலில் சாதாரணம். தம்மிடம் இல்லாததை விற்பதற்குள்ள தடையை மதித்தால் அதற்கு இடமில்லை. அதற்காகவே அந்த நான்காவது வரி.

அடுத்து விலை. கடைக்காரர் கைப்பேசியைத் திறந்து, டஜன் 660 என்றிருந்த படத்தைக் காட்டினார். எங்கள் புதிய விலை 720. பத்து டஜனுக்கு 600 ரூபாய் வித்தியாசம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது தலைப்பில் செல்லும் நாள் தெரிந்தது. அது கடந்து ஒரு மாதமாகியிருந்தது. பேச்சு அதோடு முடிந்தது. தேதி அச்சாகியிராவிட்டால் அவர் கேட்பதில் நியாயம் இருந்திருக்கும். நாங்கள் 660க்கே கொடுத்திருக்க வேண்டும்.

ஆர்டர் தாளில் இரண்டு வரிகளாக எழுதப்பட்டது: ரோஜா, பழைய லாட், 4 டஜன், இலவசம் 4, ரோஜா, புதிய லாட், 6 டஜன், இலவசம் 6, விலை 720, வரி தனி, முப்பது நாள் தவணை, எந்த லாரி ஆபீஸ் வழி அனுப்புவது, கடை முத்திரை, கையெழுத்து. இலவசத்துக்குத் தனிக் கட்டம் வைத்திருப்பதற்கும் காரணம் உண்டு. அதை எண்ணிக்கையோடு சேர்த்து எழுதினால் குடோன் அதற்கும் பில் போட்டுவிடும். (பன்னிரண்டுக்கு ஒன்று இலவசம் என்பதை எட்டு சதவீதத்துக்கு மேல் தள்ளுபடி என்று சொல்லும் விற்பனையாளர்கள் உண்டு. பதின்மூன்றில் ஒன்றுதான் இலவசம். கணக்கிட்டால் எட்டுக்கும் குறைவு.)

மற்றவை சில்லறைச் சாமான்கள்: காகிதப் பட்டைகள், கண்ணாடிக் குச்சிகள், பஞ்சு, துணி, ஜிப் உறை, பில் விவரம் எழுத இரண்டு பேனா. முகர்ந்த பட்டைகளைப் பைக்குள் போட்டால் பை முழுவதும் ஒரே மணமாகிவிடும். உறைக்குள் போட வேண்டும். ஒரே மூச்சில் நான்கு வாசனைக்கு மேல் காட்டுவதில் பயனில்லை, மூக்கு மரத்துவிடும். காப்பிக்கொட்டையை முகரக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். கடை வாசலில் நின்று காற்று வாங்குவதைவிட அது மேல் என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு தாள் மட்டும் சில்லறையில் சேராது. “இதில் ஆல்கஹால் இருக்கிறதா?” என்று பத்தில் எட்டுக் கடைகளில் கேட்பார்கள். தயாரிப்பவர் ஒவ்வொரு வகைக்கும் எழுதிக்கொடுத்த சேர்மானத் தாளைப் பையில் வைத்திருக்கிறோம். தாளில் உள்ளதைக் காட்டுவதோடு மச்சான் நிறுத்திக்கொள்வார். தாள் வந்துசேராத வகையை, எவ்வளவு நன்றாக மணந்தாலும், பையில் ஏற்றுவதில்லை. பீய்ச்சும் புட்டிகளுக்குத் தனி உறை, தனி விலைப்பக்கம்.

மாலையில் வீடு திரும்பியதும் அதே பட்டியலை மறுபடியும் பார்க்க வேண்டும். காலையில் பார்ப்பதைவிட இதுவே முக்கியம் என்பது எங்கள் அனுபவம். எந்தப் புட்டி பாதிக்குக் கீழே இறங்கியது, எந்த மூடி தளர்ந்தது, எந்தக் கடையில் விலைப்பட்டியல் விடப்பட்டது, ஆர்டர் புத்தகத்தில் கடைசி எண் என்ன என்பதெல்லாம் அன்றிரவு நினைவிருக்கும். மறுநாள் காலை இருக்காது. இஷாவுக்குப் பின் மச்சான் இளஞ்சிவப்புத் தாள்களை எண் வரிசையில் அடுக்கிக் குடோன் பையனிடம் கொடுப்பார். அவன் ஒவ்வொன்றாக எண்ணை உரக்கப் படிப்பான். மஞ்சள் படியைப் பார்த்தபடி நாங்கள் சரி சொல்வோம். அதன் பிறகே பை மூடப்படும்.