நடுவில் நிற்பவர்

நுழையும்முன்

ஒரு பட்டறையின் சம்பளத்தை ஒரே எண்ணால் சொல்லிவிட முடியுமா? முடியுமெனில், அந்த எண் யாருடைய சம்பளம்? சராசரிக்கும் இடைநிலை அளவுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரேயொரு படவில்லையில் விளக்க முயன்ற ஆசிரியை ஒருவரின் தேடலை இக்கட்டுரை விவரிக்கிறது.

வினா பிறந்த இடம்

அமராவதி ஆற்றங்கரையில் அமைந்தது தாராபுரம். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் அந்நகரோடு நின்றுவிடாமல் சுற்றுவட்டார ஊர்களுக்கும் பரவியிருப்பதால், பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர் பலரின் வீட்டில் ஆண்டுதோறும் ஒரு பேச்சு எழும்: மேலே படிப்பதா, தையல் பட்டறையில் சேர்வதா? அவ்வூர்க் கணித ஆசிரியை ஒருவரிடம் மாணவி ஒருத்தி வந்து நின்றாள். வேலைக்கு ஆள் சேர்ப்பவர், "எங்கள் பட்டறையில் சராசரிச் சம்பளம் மாதம் 18,000 ரூபாய்" என்று அவள் தந்தையிடம் சொல்லியிருந்தார். அதை நம்பி வீட்டுக் கடனுக்கான தவணையைக்கூடக் கணக்கிட்டு வைத்திருந்தனர்.

"சேர்ந்தா எனக்கும் அவ்வளவு கிடைக்குங்களா, டீச்சர்?"

ஆசிரியையால் உடனே விடை சொல்ல இயலவில்லை. ஆள் சேர்ப்பவர் பொய் சொன்னார் என்பதற்குச் சான்றில்லை. அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். உண்மையான ஓர் எண்ணே ஒருவரை ஏமாற்றக்கூடும் என்பதைத்தான் விளக்க வேண்டியிருந்தது. அடுத்து நடக்கவிருந்த பெற்றோர் கூட்டத்தில் அதற்கென ஒரே ஒரு படவில்லையைக் காட்ட அவர் முடிவு செய்தார்.

விலக்கப்பட்ட எடுத்துக்காட்டுகள்

முதலில் அவர் நினைவுக்கு வந்தது பலரும் சொல்லும் வேடிக்கைக் கணக்கு. பேருந்தில் ஐம்பது கூலித் தொழிலாளர் செல்கின்றனர். பெருங்கோடீசுவரர் ஒருவர் ஏறுகிறார். அக்கணமே பேருந்திலுள்ள அனைவரும் 'சராசரியாக'க் கோடீசுவரர் ஆகிவிடுகின்றனர். கேட்பவர் சிரிப்பர். ஆனால் கோடீசுவரர் இல்லாத இடத்தில் சராசரியை அப்படியே நம்பலாம் என்ற தவறான எண்ணமும் அவர்கள் மனத்தில் தங்கிவிடும். எனவே அதை விலக்கினார்.

அடுத்தது ஒரு நூலில் உள்ள கணக்கு. அமெரிக்க எழுத்தாளர் டாரல் ஹஃப் 1954இல் வெளியிட்ட, புள்ளியியலால் பொய் சொல்வது எப்படி என்னும் பொருள்படும் தலைப்புடைய நூலில், 25 பேரின் சம்பளப் பட்டியல் ஒன்று உண்டு. அதில் மேலிடத்தவர் ஆண்டுக்கு 45,000 டாலர் பெறுகிறார். கீழ்நிலையிலுள்ள பன்னிருவர் 2,000 டாலர் பெறுகின்றனர். சராசரி 5,700, இடைநிலை அளவு 3,000. பிழையற்ற கணக்குத்தான். எனினும் 25 எண்களும் டாலர் கணக்கும் ஒரே படவில்லையில் ஏறினால், பார்ப்பவர் எண்களைப் படிப்பரே தவிர வேறுபாட்டைக் காணமாட்டார். ஆகவே அதையும் விலக்கினார்.

ஒன்பது பேர்

இறுதியில், ஊரார் அறிந்த சிறு தையல் பட்டறை ஒன்றையே அவர் அமைத்துக்கொண்டார். அதில் ஒன்பது பேர். அனைவருக்கும் மாதச் சம்பளம். வாரக்கூலியையும் பீஸ் ரேட்டையும் கலக்கவில்லை. உரிமையாளரின் வருவாய் இலாபமேயன்றிச் சம்பளம் அன்று என்பதால், அவரைப் பட்டியலில் சேர்க்கவில்லை. உதவியாளர் இருவருக்குத் தலா 10,000 ரூபாய், பிசிறு வெட்டுபவருக்கு 11,000, செக்கிங் செய்பவருக்கு 12,000, தையற்காரர் மூவருக்கு 13,000, 14,000, 15,000, கட்டிங் மாஸ்டருக்கு 20,000, மேலாளருக்கு 57,000.

கூட்டினால் 1,62,000. ஒன்பதால் வகுத்தால் 18,000. மாணவி கேட்டுவந்த அதே எண்! ஆனால் அந்தப் பட்டறையில் 18,000 ரூபாய் வாங்குபவர் ஒருவரும் இல்லை. ஒன்பது பேரில் எழுவர் அதற்குக் கீழே நிற்கின்றனர். சம்பளங்களை ஏறுவரிசையில் அடுக்கி ஐந்தாமவரைப் பார்த்தால் அவர் பெறுவது 13,000. அவருக்குக் கீழே நால்வர், மேலே நால்வர். அதுவே இடைநிலை அளவு.

அடுக்காமல் நடு எண்ணை எடுப்பதே மாணவர் வழக்கமாகச் செய்யும் பிழை என்பதை ஆசிரியை அறிவார். ஆகையால் படவில்லையில் அட்டவணை போடாமல், சுழியத்திலிருந்து தொடங்கும் ஒரே அளவுகோலில், குட்டையிலிருந்து நெட்டையாக ஒன்பது பட்டைகளை வரைந்தார். ஐந்தாம் பட்டைக்கு மட்டும் வேறு நிறம். 18,000 என்ற உயரத்தில் குறுக்கே ஒரு கோடு. அக்கோட்டைத் தாண்டியவை கடைசி இரண்டு பட்டைகளே. ஓரத்தில், "இவை விளக்கத்திற்காக அமைத்த எண்கள், சராசரி 18,000 வருமாறு தேர்ந்தவை" என்று எழுதினார். அந்த வரி இல்லாவிடில், குறிப்பிட்ட பட்டறை ஒன்றின் கணக்கென்று பிறர் கருதிவிடக்கூடும்.

சராசரியின் பக்கத்து நியாயம்

மேலாளரின் சம்பளம் 84,000 ஆக உயர்ந்தால் என்னவாகும் என்றும் அவர் கணக்கிட்டுப் பார்த்தார். சராசரி 21,000 ஆகிறது. கட்டிங் மாஸ்டரும் கோட்டுக்குக் கீழே வந்துவிடுகிறார். மற்ற எட்டுப் பேருக்கு ஒரு ரூபாய்கூட உயரவில்லை. இடைநிலை அளவு 13,000லேயே நிற்கிறது.

அப்படியெனில் சராசரி பயனற்றதா? இல்லை. சம்பள நாளில் எவ்வளவு பணம் வேண்டும் என்று கணக்கு எழுதுபவர் கேட்டால், 18,000ஐ ஒன்பதால் பெருக்கினால் 1,62,000 எனச் சரியாக வரும். 13,000ஐ வைத்துப் பெருக்கினால் 45,000 ரூபாய் குறையும். இடைநிலை அளவுக்கும் குறை உண்டு. கீழே உள்ள நால்வருக்கும் தலா ஆயிரம் ரூபாயைக் குறைத்தாலும் அது அசையாது. அந்த இழப்பை அது காட்டாமலே மறைத்துவிடும். மொத்தச் செலவு எவ்வளவு என்பது ஒரு கேள்வி. நடுவில் நிற்பவர் என்ன பெறுகிறார் என்பது வேறொரு கேள்வி. முன்னதற்கான விடையைப் பின்னதற்குச் சொல்லும்போதுதான் ஏமாற்றம் நேர்கிறது.

இந்திய நாட்டின் சட்டமும் இவ்வேறுபாட்டை அறியும். நிறுவனங்கள் சட்டம், 2013இன் 197ஆம் பிரிவின்படி, பங்குச்சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தம் இயக்குநர் ஒவ்வொருவரின் ஊதியமும் பணியாளரின் இடைநிலை ஊதியத்தைப்போல் எத்தனை மடங்கு என்பதை வெளியிட வேண்டும். ஒப்பிடுவதற்குச் சட்டம் தேர்ந்தது சராசரியை அன்று. இயக்குநர்களின் பெரிய ஊதியமே சராசரியை உயர்த்தி, அந்த மடங்கைச் சிறிதாக்கிக் காட்டிவிடக்கூடும் அல்லவா?

மாணவியின் கணக்கு

பெற்றோர் கூட்டத்தில் அந்தப் படவில்லை சில நிமிடங்களே திரையில் இருந்தது. மாணவியின் தந்தை பட்டைகளைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "புதுசாச் சேர்றவங்க இதுல எந்தப் பட்டைங்க?" என்று கேட்டார். ஆசிரியை முதலிரண்டு பட்டைகளைச் சுட்டினார். நடுவில் நிற்பவரின் சம்பளமும் புதிதாய்ச் சேர்பவரின் சம்பளம் அன்று என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

மறுநாள் தந்தை பட்டறைக்குச் சென்றபோது, சராசரியைப் பற்றி அவர் வினவவில்லை. புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் மாதம் எவ்வளவு, ஓராண்டு முடித்தவருக்கு எவ்வளவு என்ற இரண்டை மட்டும் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார். வீட்டுக் கடனுக்கான தவணைக் கணக்கு அன்றிரவு புதிதாகப் போடப்பட்டது.