பெயரை மாத்தி அனுப்ப முடியாத வாழ்த்து

டிசம்பர் 31 இரவு ஃபோனுக்கு வாற வாழ்த்தில் பாதிக்கு மேல் 'Forwarded many times' என்றுதான் இருக்கும். 2022 முடியும்போது எங்கள் ஐந்து பேருக்குள் அது வேணாம் என்று முடிவெடுத்தோம். ஒவ்வொருத்தருக்கும் மற்ற நாலு பேரும் சேர்ந்து எழுதணும், அந்த வருஷம் அவரோடு நடந்த ஒரு விஷயத்தை. பெயரை மாத்தி இன்னொருத்தருக்கு அனுப்பலாம்போல இருந்தா அழிச்சிரணும்.

விஷயத்துக்குப் பஞ்சமில்லை, அது பெற்றோல் வரிசை வருஷம். கியூஆர் வந்த நேரம் பைக்குக்குக் கிழமைக்கு நாலு லீட்டர்தான். கல்முனையிலிருந்து ஒலுவில் கெம்பசுக்கு எங்களை மாறி மாறி ஏத்தினவனுக்கு இப்படி எழுதினோம்: "மச்சான், உன்ட நாலு லீட்டர்ல பாதி எங்களுக்குத்தான் எரிஞ்ச. நிந்தவூர்ல எண்ணெ முடிஞ்சி தள்ளிக்கிட்டு வரக்குள்ள நீ பாடின பாட்டு மட்டும் அடுத்த வருஷம் வேணாம்."

கஷ்டம் ஒருத்தனுக்கு எழுதத்தான். ஒக்டோபரில் அவன்ட உம்மா மௌத்து. 'மகிழ்ச்சி பொங்கட்டும்' என்று அவனுக்கு அனுப்பேலுமா? உம்மாவைச் சொல்லாமல் விட்டாலும் அது பொய். குரூப்பில் போடாமல் தனியாக அனுப்பினோம்: "கரண்ட் போன நோன்புல உம்மா மெழுகுதிரி வெளிச்சத்துல கஞ்சி ஊத்தினா. வீட்டுக்காரன் எண்டு உனக்குத்தான் கடைசிக் கோப்பை. வாற நோன்புக்கும் நாங்க வருவம்."

அந்த 'வருவம்' என்ற சொல்லுக்கு அரை மணித்தியாலம் யோசித்தோம். எழுதினா போகத்தானே வேணும்.

சுபஹுக்குப் பிறகு ஒரு வொய்ஸ் வந்தது: "இனி நான்தான் காச்சணும். உப்புக் கூடினா ஒருத்தனும் பேசப்படா."