பன்னிரண்டு வருஷத்துக்கு முன் நான் போட்ட ஒரு தப்பான தப்பு

வல்லக்கோட்டையிலிருந்து உங்கள் வாத்தியார். இன்றைக்கு ஒரு பாடமும், கடைசியில் ஒரு மன்னிப்பும். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பத்தாவது படிக்கும் பேத்தி ஒரு கேள்வித்தாளோடு வந்தாள். 1 கிராம் பளிங்குக்கல் துண்டுகளை 50 மி.லி. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் (1 மோலார்) போட்டு, வரும் கார்பன் டை ஆக்சைடை நேரம் பார்த்து அளந்த வரைபடம். அதே 1 கிராமைப் பொடியாக்கிப் போட்டால் கோடு எப்படி மாறும் என்று கேள்வி. அவள் பொடிக்கான கோட்டைச் செங்குத்தாக ஏற்றி, முடிவிலும் மேலே நிறுத்தியிருந்தாள். "வேகமா நடந்தா நிறைய வாயு வரும்ல தாத்தா?" என்றாள்.

முதல் பாதி சரி. பொடியில் அமிலம் தொடும் பரப்பு அதிகம், அதனால் ஆரம்பத்தில் கோடு செங்குத்தாக ஏறும். முதல் 20 விநாடியில் துண்டுக்கு 20 மி.லி., பொடிக்கு 80 மி.லி. வந்தால், வேகம் விநாடிக்கு 1 மி.லி., 4 மி.லி. அந்தச் சாய்வுதான் வினைவேகம். முடிவு மட்டம் வேறு விஷயம். கல் 1 கிராம்தான், வாயுவும் சுமார் 240 மி.லி.தான். ஒரகடம் கம்பெனி வாசலில் ஷிப்ட் மாறும்போது ஒரு கேட் திறந்தாலும் நாலு கேட் திறந்தாலும் உள்ளே போகிற ஆட்களின் எண்ணிக்கை ஒன்றுதானே? சீக்கிரம் போவார்கள், அவ்வளவுதான்.

அமிலத்தைச் சூடாக்கினாலும் இதே கதை. துகள்கள் அடிக்கடி மோதுவது மட்டுமல்ல, வினை நடக்கப் போதுமான ஆற்றலோடு மோதுகிறவையும் கூடிவிடும். கோடு செங்குத்தாகும், மட்டம் மாறாது. வாயுவைச் சூடாக இருக்கும்போதே அளந்தால் அது விரிந்து கொஞ்சம் கூடுதலாகக் காட்டும். அதை நம்பக் கூடாது, ஆறவிட்டு அளக்க வேண்டும்.

"ஆக, எப்பவும் ஒரே மட்டம்தான்" என்று முடித்தேன். அடுத்த கேள்வி செறிவு பற்றியது. கல் 10 கிராம், தேவைக்கு அதிகம். அமிலம் அதே 50 மி.லி., ஆனால் 1 மோலாருக்குப் பதில் 2 மோலார். அதற்கும் அதையே சொன்னேன். அவள் விடைக்குறிப்பைக் காட்டினாள். கோடு செங்குத்தாக ஏறி, முடிவிலும் இரண்டு மடங்கு உயரத்தில் நின்றது.

ராத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

CaCO3 + 2HCl → CaCl2 + H2O + CO2

முதல் கேள்வியில் கல் 0.01 மோல். அதற்கு 0.02 மோல் அமிலம் போதும், இருந்ததோ 0.05. கல்தான் முதலில் தீர்கிறது. அங்கே அமிலத்தின் செறிவைக் கூட்டினால் வேகம் கூடும், மட்டம் கூடாது. இரண்டாவதில் கல் 0.1 மோல். அமிலம்தான் முதலில் தீர்கிறது. 1 மோலாரில் சுமார் 600 மி.லி. வாயு, 2 மோலாரில் சுமார் 1200. அப்போதும் 5 கிராம் கல் அடியில் மிஞ்சிக் கிடக்கும். அதே 2 மோலார் அமிலத்தை 25 மி.லி. மட்டும் எடுத்திருந்தால் மட்டம் பழையபடி 600-லேயே நிற்கும். ஆக, சாய்வைச் சொல்வது வெப்பமும் செறிவும் துகளின் அளவும். மட்டத்தைச் சொல்வது எது முதலில் தீர்கிறது, அது எவ்வளவு இருந்தது என்பது.

அப்போதுதான் அந்தப் பையன் ஞாபகம் வந்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், நம் வீட்டுத் திண்ணையில் சாயங்கால டியூஷன். இதே மாதிரி கணக்கு, கல் மிச்சம், அமிலம் இரட்டிப்புச் செறிவு. அவன் கோட்டை இரண்டு மடங்கு உயரத்தில் நிறுத்தியிருந்தான். சிவப்பு மையில் பெருக்கல் குறி போட்டேன். "சார், அமிலம் ரெண்டு பங்கு இருக்கே, வாயுவும் ரெண்டு பங்கு வராதா?" என்று கேட்டான். "எதிர்த்துப் பேசாதே, மட்டம் மாறாது" என்றேன். எல்லார் முன்னாலும். பயிற்சிப் பள்ளியில் மனப்பாடமாக வாங்கிய ஒரு வரியை அப்படியே கொடுத்துவிட்டேன், மோல் போட்டுப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு அவன் கேள்வி கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை.

இப்போது அவன் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருக்கிறான். நேற்று போன் செய்து, "நீ போட்டதுதாம்பா சரி, தப்பு என்னுது" என்றேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அந்த நோட்டு அம்மாகிட்ட இன்னும் இருக்கு சார்" என்றான்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன். பச்சை மையில் சரி போட வேண்டும். அன்று திண்ணையில் உட்கார்ந்திருந்த மற்றவர்களும் உங்கள் நோட்டைத் திருத்திக்கொள்ளுங்கள்.